டெட்ராய்ட்டும் ஸ்டுட்கார்ட்டும் சேர்ந்து விழித்திருக்கும் நான்கு மணி நேரம்

"பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன சி.என்.சி. உதிரிபாகக் கம்பெனியில் எக்ஸ்போர்ட் பார்க்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் விலையைக் கூட்டிக் கேட்டு, டெட்ராய்ட்டில் இருக்கும் பர்ச்சேஸ் டைரக்டருக்கும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அவர்களுடைய கமாடிட்டி மேனேஜருக்கும் மெயில் போட வேண்டும். இரண்டு பேருமே ரொம்ப பிஸி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்பலாம்? செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். எங்கள் முதலாளியோ, இப்பவே தட்டி விடு, எழுந்ததும் பார்ப்பார்கள் என்கிறார்."

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி மாலை 5.10 மணிக்கு அனுப்புங்கள். கிழமை செவ்வாய் என்பதில் நீங்கள் படித்தவர்களோடு நான் ஒத்துப்போவது தற்செயல்தான். என் காரணம் வேறு. பத்தொன்பது ஆண்டுகளாகப் பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் உதிரிபாக ஏற்றுமதிப் பிரிவில் இருந்து, இதே மாதிரிக் கடிதங்களை இதே இரு நாடுகளுக்கும் அனுப்பிய பழக்கத்தில் சொல்கிறேன். ஆகவே நான் சொல்வது தொழிற்சாலை சார்ந்த அலுவலகங்களுக்குப் பொருந்தும். பேராசிரியர்களுக்கோ மருத்துவர்களுக்கோ எழுதுகிறவர்கள் என் மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் முதலாளியின் யோசனை. நாம் காலை 11 மணிக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பினால் குளிர்காலக் கணக்கில் டெட்ராய்ட்டில் நள்ளிரவு 12.30. அவர் மேசைக்கு வந்து உட்காரும் காலை ஏழே முக்கால் வரை ஏழு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அந்த ஏழு மணி நேரமும் அவருடைய இன்பாக்ஸ் சும்மா இருப்பதில்லை. சீனாவில் அப்போது பிற்பகல் என்பதால் அங்குள்ள சப்ளையர்களின் கடிதங்கள் வரும்; விடியற்காலை இரண்டு மணிக்கு ஜெர்மனியில் காலை எட்டு மணி ஆகிவிடுவதால் ஐரோப்பாக் கடிதங்கள் வரத் தொடங்கும்; இரவில் தானாக ஓடும் ஸ்டாக் அறிக்கை, ஷார்ட்டேஜ் அறிக்கை போன்றவை ஒவ்வொன்றாக வந்து விழும். புதியது மேலே, பழையது கீழே என்றுதான் பெரும்பாலான இன்பாக்ஸ்கள் அடுக்கப்படுகின்றன. எனவே நாம் முந்திக்கொண்டு அனுப்பியது அவர் உட்காரும்போது எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். எழுந்ததும் பார்ப்பார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் முதலில் பார்ப்பது கடைசியாக வந்ததைத்தான்.

சரி, அவர் எழும் நேரத்துக்கே குறிவைத்து அங்கே காலை ஆறு மணிக்குப் போய்ச் சேருமாறு செய்யலாமே என்று தோன்றும். அதில் இன்னொரு தொல்லை உண்டு, அதை நான் முதலில் சொன்னதைவிடப் பெரிய தொல்லையாகவே நினைக்கிறேன். காலை ஆறு மணிக்கு அவர் கையில் இருப்பது கைப்பேசி. பன்னிரண்டு பார்ட் நம்பர்களுக்கான விலை ஒப்பீட்டு அட்டவணையைக் கைப்பேசியில் யாரும் படித்து முடிவெடுக்க மாட்டார்கள். திறந்து இரண்டு வரி பார்த்து, ஆபீஸ் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவார்கள். மூடிய நொடியில் அது படிக்கப்பட்ட கடிதமாகிவிடுகிறது, தடித்த எழுத்து போய்விடுகிறது, மேசைக்கு வந்து உட்காரும்போது தடித்த எழுத்தில் இருக்கும் மற்ற நாற்பது கடிதங்கள்தான் கண்ணில் படுகின்றன. படிக்கப்படாத கடிதத்துக்காவது இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. அரைகுறையாகப் படிக்கப்பட்டதற்கு அதுவும் இல்லை. ஆகவே நாம் தேட வேண்டியது அவர் கணினி முன் உட்காரும் நேரம். அமெரிக்காவில் உற்பத்தி சார்ந்த அலுவலகங்கள் சீக்கிரமே தொடங்குபவை, நான் பழகிய பர்ச்சேஸ் ஆட்கள் பலர் ஏழரை முதல் எட்டு மணிக்குள் மேசையில் இருப்பார்கள். பத்து மணிக்குள் அன்றைய கூட்டங்கள் அவர்களை விழுங்கிவிடும்.

செவ்வாய் காலை பத்து மணி என்ற வாசகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பெரும்பாலும் செய்திமடல்களையும் விளம்பரங்களையும் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் நிறுவனங்களின் கணக்கிலிருந்து வருகிறது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை, கடிதத்துக்குள் ஒளித்து வைக்கும் ஒரு புள்ளி அளவுப் படம் எத்தனை முறை தரவிறங்கியது என்பதை வைத்து எண்ணுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே தரவிறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கையை அப்படியே நம்புவதற்கில்லை. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தள்ளுபடி விளம்பரத்தை எப்போது திறக்கிறார்கள் என்பதற்கும், ஆறு வருடமாக உங்களிடம் சரக்கு வாங்கும் ஒருவர் விலை உயர்வுக் கடிதத்துக்கு எப்போது பதில் எழுதுவார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? திறக்க வைப்பது உங்கள் நோக்கம் அல்லவே. உங்கள் பெயரைப் பார்த்தால் அவர் எப்படியும் திறப்பார்.

உங்களுக்கு வேண்டிய ஆய்வு உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கிறது. அந்த டைரக்டர் கடந்த ஓராண்டில் உங்களுக்கும் உங்கள் கம்பெனியில் மற்றவர்களுக்கும் எழுதிய பதில்களில் முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "Ok", "Thanks" என்ற ஒற்றைச் சொல் பதில்களையும், கைப்பேசியிலிருந்து அனுப்பப்பட்டது என்று அடியில் போட்டிருப்பவற்றையும் தள்ளிவிடுங்கள். ஓரிடத்திலும் முழு வாக்கியமாகப் பேசாத பதிலால் நமக்குப் பயனில்லை. மூன்று வரிக்கு மேல் யோசித்து எழுதியவை ஒவ்வொன்றும் நம் நேரப்படி எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு தாளில் குறித்து, அதை அவர் நேரத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கவனம் தேவை: டெட்ராய்ட் நமக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரமும் பின்னால் இருக்கும். நான் இப்படிப் பார்த்த பலருக்கு இரண்டு குவியல்கள் தெரிந்தன. ஒன்று காலை ஏழே முக்கால் முதல் எட்டே முக்கால் வரை. மற்றொன்று மாலை நாலரை மணியைச் சுற்றி. மாலைக் குவியல் நமக்கு உதவாது, அது நமக்குப் பின்னிரவு. அவர் அப்போது கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்லும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். உங்கள் டைரக்டரின் காலைக் குவியல் வேறு இடத்தில் இருந்தால் நான் சொன்ன 5.10-ஐ விட்டுவிட்டு, அந்தக் குவியலுக்குப் பத்து இருபது நிமிடம் முந்தைய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பதில்களில் குவியலே தெரியவில்லை, சிதறிக் கிடக்கிறது என்றால் அவர் விஷயத்தில் மணி பெரிதாக எதையும் மாற்றாது என்று பொருள். அதுவும் ஒரு தகவல்தான்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒரே கடிதம் இரு நாடுகளில் இருக்கும் இருவருக்குப் போகிறது என்பது. பல வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில் இதே போன்ற ஒரு கடிதத்தை, ஸ்டுட்கார்ட் ஆளும் டெட்ராய்ட் ஆளும் பெறுநர்களாக இருக்க, நம் நேரம் நண்பகல் பன்னிரண்டரைக்கு அனுப்பினேன். ஸ்டுட்கார்ட்டில் அப்போது காலை ஒன்பது, நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நாற்பது நிமிடத்தில் எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதிவிட்டார்: இந்த உயர்வுக்கு இடமே இல்லை, மூலப்பொருள் குறியீட்டெண்படி விலை குறைய வேண்டும் என்று இரண்டே வரி. டெட்ராய்ட்டில் விடிய இன்னும் பல மணி நேரம் இருந்தது. அங்கே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஏழே முக்காலுக்கு உட்கார்ந்தபோது, அந்தக் கடிதத் தொடரின் மேலே முதலில் கண்டது அந்த இரண்டு வரி மறுப்பைத்தான். எங்கள் கடிதம் அதற்கு அடியில் சுருட்டப்பட்டுக் கிடந்தது. அவர் எங்கள் காரணங்களைப் படிக்கும் முன்பே தன் சகாவின் முடிவைப் படித்துவிட்டார், பிறகு அதை மறுத்துப் பேச அவருக்கு என்ன அவசியம்? அந்த விலையை முடிக்க ஐந்து வாரம் ஆனது. ஸ்டுட்கார்ட் ஆள் சொன்னதில் பிழையில்லை, அது அவர் வேலை. பிழை என்னுடைய பன்னிரண்டரை மணியில் இருந்தது.

அன்று முதல் நான் வைத்திருக்கும் வழக்கம், இரு நாட்டுப் பெறுநர்கள் இருந்தால் இருவரும் மேசையில் இருக்கும் நேரத்தில், அதுவும் முடிவெடுப்பவர் நாளைத் தொடங்கும் நேரத்தில், நானும் அலுவலகத்தில் இருக்கும்போது அனுப்புவது. மூன்று ஊர்களையும் வைத்துக் கணக்குப் போடுவோம். அமெரிக்கா 2026-இல் மார்ச் 8 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறது. ஜெர்மனி அதை மார்ச் 29 அன்றுதான் செய்யும். நாம் எதையும் தொடுவதில்லை. ஆகவே மார்ச் 8-க்கு முன் டெட்ராய்ட்டில் காலை எட்டு என்றால் நமக்கு மாலை ஆறரை, ஸ்டுட்கார்ட்டில் பிற்பகல் இரண்டு. மார்ச் 8 முதல் 28 வரை டெட்ராய்ட்டின் காலை எட்டு நமக்கு மாலை ஐந்தரை, ஸ்டுட்கார்ட்டில் பிற்பகல் ஒன்று. ஸ்டுட்கார்ட் மாலை ஐந்துக்கு மூடும் என்று கொண்டால் அது நமக்கு இரவு ஒன்பதரை. அதாவது அந்த மூன்று வாரங்களில் மட்டும், மூவரும் சேர்ந்து விழித்திருந்து வேலை செய்யும் நேரம் நம் மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பதரை வரை, முழுதாக நான்கு மணி நேரம். மார்ச் 8-க்கு முன்பும் 29-க்குப் பின்பும் அது மூன்று மணி நேரம்தான். ஆண்டில் இப்படி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பது இந்த மூன்று வாரத்திலும், அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடைப்பட்ட ஒரு வாரத்திலும் மட்டுமே. பலர் இந்த வாரங்களைக் குழப்பம் என்று திட்டுவார்கள். எனக்கு அவை அறுவடைக் காலம்.

5.30 என்று சொல்லாமல் 5.10 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே அது 7.40, ஸ்டுட்கார்ட்டில் 12.40. முழு மணிக்கும் அரை மணிக்கும் கூட்டங்கள் தொடங்குகின்றன, தானாக ஓடும் அறிக்கைகளும் பெரும்பாலும் முழு மணிக்கே அமைக்கப்பட்டிருக்கும். 7.40-க்குப் போனால் எட்டு மணி வெள்ளத்துக்கு முன் இருபது நிமிடம் அது மேலே நிற்கும். ஸ்டுட்கார்ட்டில் அது மதியச் சாப்பாட்டு வேளை. அவர் திரும்பி வந்து ஒரு மணிக்குப் பார்க்கும்போது டெட்ராய்ட்டும் பார்த்திருக்கும். அவர் உடனே மறுத்து எழுதினாலும், உங்கள் காரணத்தை டைரக்டர் முதலில் படித்திருப்பார். இந்த இருபது நிமிடக் கணக்கைக் கல்லில் பொறித்த விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது என் ஊகம் கலந்த பழக்கம். இரு ஊரும் விழித்திருக்கும்போது அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இனிக் கிழமை. விலை உயர்வுக் கடிதம் ஒரே பதிலில் முடிவதில்லை. எந்தக் கம்பியின் விலை, எந்த மாதத்திலிருந்து, சுங்கச் செலவு சேர்ந்ததா என்று முதல் நாளே கேள்வி வரும். உங்கள் பதிலுக்குப் பின் இரண்டாவது கேள்வி வரும். நான்கு மணி நேர ஜன்னலுக்குள் பதில் சொன்னால் ஒரு சுற்று அன்றே முடியும், தவறவிட்டால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முழு வேலை நாளைத் தின்னும். செவ்வாயன்று அனுப்பினால் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று மாலைகள் கையில் இருக்கும். வியாழனன்று அனுப்பினால் ஒன்றுதான், ஏனென்றால் வெள்ளியைக் கணக்கில் சேர்க்க முடியாது: ஜெர்மன் அலுவலகங்கள் பல வெள்ளி பிற்பகலில் காலியாகிவிடுகின்றன, டெட்ராய்ட் ஆள் உட்காரும்போது ஸ்டுட்கார்ட் ஆள் கோட்டை மாட்டிக்கொண்டிருப்பார். திங்களை ஏன் விட்டேன் என்றால், வார இறுதியில் சேர்ந்தது அன்று குவிந்திருக்கும் என்ற பொதுக் காரணத்தோடு, மார்ச் 9 அமெரிக்காவில் கடிகாரம் மாறிய மறுநாள். நாடு கடந்து நடக்கும் வாராந்தரக் கூட்டங்கள் அன்று ஒருவருக்கு ஒரு மணி நேரம் நகர்ந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, காலை முழுவதும் யார் எங்கே என்று தேடுவதிலேயே போகும். புதன்கிழமையும் தாழ்வில்லை, செவ்வாயன்று கடிதம் தயாராகாவிட்டால் புதனன்று அனுப்புங்கள், ஆனால் வியாழனுக்குத் தள்ளாதீர்கள்.

மார்ச் 10-ஐத் தேர்ந்தெடுத்தது பின்னாலிருந்து எண்ணிப் பார்த்துத்தான். விலை அமலாக வேண்டியது ஏப்ரல் 1. அவர்களுடைய முதல் காலாண்டு மார்ச் 31-இல் முடிவதால் கடைசி நான்கைந்து நாட்களில் புதிய விஷயத்தை யாரும் தொடமாட்டார்கள், ஆகவே 24 அல்லது 25-க்குள் சம்மதம் வந்திருக்க வேண்டும். மார்ச் 19 வியாழன் இங்கே யுகாதி, நமக்கு விடுமுறை; 18 மாலை ஒரு பெரிய கடிதத்தை அனுப்பிவிட்டு மறுநாள் கம்பெனியைப் பூட்டுவது, கேள்வி கேட்டவரை நடுத்தெருவில் நிறுத்துவதற்குச் சமம். எதிராளியின் விடுமுறைப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் தங்கள் விடுமுறையை மறந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் 3 புனித வெள்ளியும் 6 ஈஸ்டர் திங்களும் ஜெர்மனியில் விடுமுறை, அதை ஒட்டிப் பள்ளி விடுமுறையும் வரும் என்பதால் மார்ச் இறுதியிலேயே ஸ்டுட்கார்ட் ஆள் குடும்பத்தோடு கிளம்பிவிடலாம். இவற்றையெல்லாம் வெட்டினால் மிச்சமிருப்பது மார்ச் 10 முதல் 18 வரையிலான ஏழு வேலை நாட்களும், 23-ஐ ஒட்டிய இரண்டு மூன்று நாட்களும்தான்.

விடுமுறை என்றதும் ஒன்று. அனுப்புவதற்கு முந்தின நாள், வேறு ஏதாவது சின்ன வேலையாக, ஒரு ஷிப்மெண்ட் விவரமோ டிராயிங் திருத்த எண்ணோ கேட்டு இருவருக்கும் தனித்தனியே ஒரு வரி எழுதுங்கள். விடுமுறையில் இருந்தால் தானியங்கிப் பதில் வந்து சொல்லிவிடும். ஜெர்மனி விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஸ்டுட்கார்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட டைம்லர் நிறுவனம் 2014-இல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது: ஊழியர் விரும்பினால், விடுமுறையில் இருக்கும்போது வரும் கடிதங்கள் அழிக்கப்பட்டு, அனுப்பியவருக்கு அந்தச் செய்தியும் மாற்று ஆளின் பெயரும் போகும். ஃபோக்ஸ்வாகன் 2011-இலேயே, பணி முடிந்து அரை மணி நேரத்துக்குப் பின் மறுநாள் பணி தொடங்க அரை மணி முன்பு வரை ஒரு பிரிவு ஊழியர்களின் கைப்பேசிக்கு மின்னஞ்சல் போகாமல் நிறுத்தி வைத்தது. உங்கள் வாடிக்கையாளர் வேறு கம்பெனியாக இருக்கலாம், ஆனால் அந்த நாட்டு அலுவலகப் போக்கு இதுதான். தானியங்கிப் பதிலைப் படிக்காமல் மூடுகிறவர், தன் கடிதம் அங்கே காத்திருக்கிறது என்று தானே நம்பிக்கொண்டிருப்பார்.

மாலை 5.10-க்கு நீங்களே மேசையில் இருப்பதால் கையால் அனுப்புவதுதான் சிறந்தது. நேரம் குறித்து வைத்து அனுப்புவதானால் அந்தக் கருவி எங்கே ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிமெயிலில் "Schedule send" கொடுத்தால் அது கூகுளின் சர்வரில் காத்திருக்கும், உங்கள் கணினி அணைந்திருந்தாலும் போய்விடும். குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் தாமதமாகலாம், அவ்வளவுதான். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ஐமேப் அல்லது பாப் கணக்கு வைத்துக்கொண்டு "Delay Delivery" கொடுத்தால் கதை வேறு: அவுட்லுக் திறந்திருந்தால்தான் கடிதம் போகும். இதை நான் 2013-இல் கற்றுக்கொண்டேன். ஒரு செவ்வாய் மாலை ஐந்தே முக்காலுக்குக் குறித்துவிட்டு, ஐந்தரைக்கே மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை 9.10-க்குத் திறந்தபோது, என் கண் முன்னாலேயே அது அவுட்பாக்ஸிலிருந்து கிளம்பியது. டெட்ராய்ட்டில் இரவு 11.40. திரும்ப அழைக்க வழி இல்லை. உங்களிடம் இருப்பது எந்த வகை என்பது சந்தேகமாக இருந்தால், முந்தின நாள் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு வரிக் கடிதத்தை இதே முறையில் குறித்து வைத்துவிட்டு கணினியை அணைத்துப் பாருங்கள். வந்த கடிதத்தைத் திறந்து "Show original" கொடுத்தால் எப்போது உருவானது, எத்தனை நொடியில் சேர்ந்தது என்று மேலேயே காட்டும்.

அனுப்பியதும் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாத ஓர் இடமும் உண்டு. இதுவரை உங்களிடமிருந்து கடிதமே பெறாத ஒருவரின் சர்வர், குப்பை அஞ்சலைத் தடுப்பதற்காக முதல் முயற்சியைத் தற்காலிகமாக மறுத்து, பிறகு வா என்று திருப்பி அனுப்பலாம். உங்கள் சர்வர் சில நிமிடம் கழித்து மீண்டும் முயலும், அதன் அமைப்பைப் பொறுத்து அது அரை மணி நேரமும் ஆகலாம். உங்கள் சென்ட் பெட்டியில் இது எதுவும் தெரியாது. முந்தின நாள் எழுதச் சொன்ன ஒரு வரிக் கடிதம் இதற்கும் உதவும். ஒருமுறை ஏற்றுக்கொண்ட அனுப்புநரைப் பெரும்பாலான சர்வர்கள் அடுத்த நாள் நிறுத்தி வைப்பதில்லை.

கடிதத்துக்குள் நேரத்தை எழுதும்போது "IST", "EST" என்ற சுருக்கங்களைத் தவிருங்கள். நம் சுருக்கத்தையே இஸ்ரேலும் அயர்லாந்தும் தங்களுக்குப் பயன்படுத்துகின்றன. மார்ச் 8-க்குப் பின் டெட்ராய்ட்டில் இருப்பது "EST" அல்ல, "EDT". பதில் கேட்கும் நாளை "Tuesday, 17 March, noon Detroit time" என்று அவர் ஊர்ப் பெயரோடு எழுதினால் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. விலை அமலாகும் தேதியையும் "1 April 2026" என்று மாதத்தை எழுத்தில் போடுங்கள். 01/04 என்று போட்டால் டெட்ராய்ட்டில் அது ஜனவரி நான்கு.

செவ்வாய் மாலை பதில் வரவில்லை என்றால் புதனன்று தொந்தரவு செய்யாதீர்கள். வியாழன் 12 அன்று, அதே கடிதத்துக்குப் பதிலாக, அதாவது இணைப்பும் அட்டவணையும் கீழே தொடர்ந்து வரும்படி, இரண்டு வரி மட்டும் எழுதுங்கள். நேரம் இந்த முறை மாலை ஆறே கால், அங்கே 8.45. ஒரு நேரத்தில் தட்டித் திறக்காத கதவை, சற்றுத் தள்ளி வேறு நேரத்தில் தட்டிப் பார்ப்பதுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் செவ்வாய் 17 மாலை ஆறரைக்குத் தொலைபேசியை எடுங்கள். மூன்றாவது நினைவூட்டலை எந்த மணிக்கு அனுப்பினாலும் அது தோற்கும் என்பது என் அனுபவம், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் அவர் கடிதத்தைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, பதில் சொல்ல விருப்பமில்லாமல் இருக்கிறார். எந்த மணியும் அந்த விருப்பமின்மையை மாற்றாது. பன்னிரண்டு சதவீதம் கேட்கும் கடிதத்துக்கு மூலப்பொருள் பில் இணைக்காமல் விட்டிருந்தால் சரியான நேரம் அதைக் காப்பாற்றாது.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத கடிதங்களும் உண்டு. பாகத்தில் விரிசல் கண்டீர்கள், கப்பலில் தவறான பெட்டி ஏறிவிட்டது என்றால், கண்ட நிமிடமே அனுப்பிவிட்டு அங்கே நள்ளிரவு ஆனாலும் போன் செய்ய வேண்டும்.

மார்ச் 10 அன்று முதலாளியிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அன்று மாலை கணக்குப் பிரிவில் ஒருவரும், விலை விவரம் தெரிந்த ஒருவரும் எட்டரை வரை கம்பெனியில் இருக்க வேண்டும். ஆறரைக்கு வரும் கேள்விக்கு ஏழு மணிக்கு எண்ணோடு பதில் போனால்தான் ஐந்து பத்துக்கு அனுப்பியதற்குப் பயன். நான் ஸ்ரீராமபுரத்தில் இருப்பதால் பீன்யாவிலிருந்து பச்சை வழித்தட மெட்ரோவில் நேராக வீடு போய்விடுவேன், எட்டரை எனக்குச் சிரமமில்லை. உங்களில் யாருக்கு வீடு தூரமோ அவருக்கு அன்று ஒரு ஆட்டோவுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் சொல்லி வையுங்கள்.